கொப்பரை அடுப்பருகே ஒரு பகல், மீட்டரில் 318

"எங்க அப்பாவுக்கு 58 வயசுங்க. ஒன்பது வருசமா சர்க்கரை, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடறாரு. கவுந்தப்பாடி பக்கம் கரும்பாலையில கொப்பரை வேலை. போன வாரம் ஒரு நாள் காலையில வெறும் வயித்துல 142. மத்தியானம் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டாரு, தண்ணி அரை லிட்டர்கூடக் குடிச்சிருக்க மாட்டாரு. சாயங்காலம் ஆலையிலேயே பார்த்தா 318. வீட்டுக்கு வந்து கை கழுவிட்டுப் பார்த்தா 276. தண்ணி குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 221. வெல்லம் போடற தராசுல காலையில 72 கிலோ இருந்தாரு, சாயங்காலம் 69.5. ரத்தம் சுண்டுனா சர்க்கரை ஏறும்னு சொல்றாங்களே, நெசமுங்களா? இல்ல மிஷின் கோளாறுங்களா? ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டிருக்கணுங்களா?"

மாத்திரை சேர்த்துப் போடாமல் விட்டது மிகச் சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் "ஓரளவு ஆம்" என்பதுதான். அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்த்துவிடலாம். தராசில் ஏற்றி எடை பார்த்திருக்கிறீர்கள். இருபது வருடமாகக் கோபியில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறேன், இந்த ஒரு எண்ணோடு வருபவர்கள் மிகக் குறைவு. அது இருப்பதால்தான் கணக்குப் போட முடிகிறது.

முதலில் 318. ஆலையிலேயே, வேலை முடிந்த கையோடு பார்த்த எண் அது. மீட்டரின் ஸ்டிரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர், சிலவற்றில் அதற்கும் குறைவு. ரத்தச் சர்க்கரை 200 இருப்பவரின் அந்தத் துளியில் இருக்கும் குளுக்கோஸ் இரண்டே மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. விரலில் கண்ணுக்கே தெரியாத அளவு இனிப்பு ஒட்டியிருந்தாலும் எண் எகிறிவிடும். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதை ஸ்டிரிப் படிக்காது. ஆனால் சாறு காயும்போது சுக்ரோஸில் ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறிவிடுகிறது. அந்தக் குளுக்கோஸை ஸ்டிரிப் படிக்கும். வெல்லத்திலேயே கை வைத்து வேலை செய்பவர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் உலர்த்தி, அதற்கப்புறம்தான் குத்த வேண்டும். அடுப்பனலுக்குப் பக்கத்தில் பார்க்கவும் கூடாது. பெரும்பாலான மீட்டர்கள் 40 டிகிரி வரைக்கும்தான் சரியாக வேலை செய்யும், ஸ்டிரிப் டப்பாவை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்த டப்பாவை நம்ப முடியாது.

கழுவிய பிறகு வந்த 276-ஐ நாம் எடுத்துக்கொள்வோம். அதையும் கல்லில் பொறித்த எண்ணாக நினைக்க வேண்டாம். நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. உண்மையான அளவு 240-ஆகவும் இருக்கலாம், 310-ஆகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் காலை 142-ஐவிட வெகு தூரம் ஏறியிருக்கிறது. இட்லியும் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. சரி, எங்கிருந்து ஏறியது?

ரத்தம் சுண்டுவது என்று உங்களிடம் சொன்னவர்கள் கொப்பரையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். சாற்றில் இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது. அதனால் பாகு கெட்டியாகிறது. உடம்பிலும் இது நடக்கத்தான் செய்கிறது. வியர்வையில் போவது தண்ணீரும் கொஞ்சம் உப்பும், சர்க்கரை அதில் போவதில்லை. எவ்வளவு தூரம் சுண்டும் என்பதுதான் கேள்வி.

72 கிலோ எடையுள்ள, அவர் வயது ஆண் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் பெரும்பகுதி செல்களுக்குள்ளே. செல்களுக்கு வெளியே, ரத்தத்தின் நீர்ப்பகுதியையும் சேர்த்து, சுமார் 14 லிட்டர். குளுக்கோஸ் ரத்தக் குழாய்க்குள் அடைந்து கிடக்கும் பொருள் இல்லை, இந்த 14 லிட்டர் முழுக்கப் பரவி நிற்கிறது. உங்கள் அப்பாவுக்கு நிகரமாகக் குறைந்தது இரண்டரை லிட்டர். (நாள் முழுக்க வேர்த்தது இதைவிட அதிகம். சாப்பிட்டதும் குடித்ததும் எடையில் கூடியிருக்கும் அல்லவா. ஈர வேட்டியோடு ஏறியிருந்தால் பற்றாக்குறை இன்னும் கொஞ்சம் கூடுதல்.) அந்த இரண்டரை லிட்டரும் வெளிப்பகுதியிலிருந்தே போய்விடுவதில்லை. வெளியே கெட்டியானதும் செல்களுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வந்து ஈடு கட்டும். கடைசியில் வெளிப்பகுதியில் குறைவது ஏறக்குறைய ஒரு லிட்டர். 14 லிட்டரில் இருந்தது 13-இல் நிற்கிறது.

அப்படியானால் எண் ஏழெட்டு சதவீதம்தான் ஏறும். 142 இருந்தால் 153. அவ்வளவுதான். மீட்டரின் முன்பின்னுக்குள்ளேயே அடங்கிவிடும் வித்தியாசம் இது. ரத்தம் சுண்டியதால் மட்டும் 276 வராது.

சுண்டியது தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ரத்தக் குழாயை விட்டு வெளியே போக முடியாத பொருள்களைப் பார்க்க வேண்டும். அன்று மாலை லேபில் ரத்தம் கொடுத்திருந்தால் ஹீமோகுளோபின், சிவப்பணுக்களின் விகிதம், ஆல்புமின் எல்லாம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். யூரியாவும் ஏறியிருக்கும், அதற்குச் சிறுநீரகமும் ஒரு காரணம். வெயிலில் காய்ந்து வந்தவர் அதே மாலை கொடுத்த ரத்தத்தை வைத்து "ரத்தம் நல்லா ஊறியிருக்கு" என்றோ "கிட்னி போச்சு" என்றோ முடிவு கட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1சி மட்டும் ஒரு நாள் வெயிலுக்கு அசையாது.

இனி மீதி ஏற்றத்துக்கு வருவோம். இங்கேதான் கொப்பரை உவமை உடைகிறது. கொதிக்கிற கொப்பரையில் யாரும் புதிதாகச் சர்க்கரை கொட்டுவதில்லை. உடம்பில் கல்லீரல் கொட்டுகிறது.

சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் தசைக்கும் வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் விடுகிறது. அவர் எடைக்கு மணிக்கு எட்டு, ஒன்பது கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் செலவு. 142-க்கும் 276-க்கும் உள்ள வித்தியாசத்தை எடையாக மாற்றிப் பாருங்கள்: அந்த 14 லிட்டருக்குச் சுமார் 19 கிராம். நாலு டீஸ்பூன் சர்க்கரைகூட ஆகாது. நாள் முழுக்க வரவு செலவைவிட மணிக்கு இரண்டு மூன்று கிராம் கூடிப் போனாலே மாலையில் இந்த எண் வந்து நிற்கும்.

அந்த வரவைக் கூட்டுவது எது என்றால், தண்ணீர்ப் பற்றாக்குறையேதான். ரத்தம் கொஞ்சம் கெட்டியானதுமே மூளையின் அடியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரகத்திடம் "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சொல்வதுதான் அதன் முதல் வேலை. அதே ஹார்மோன் கல்லீரலில் பட்டால் சேர்த்து வைத்த குளுக்கோஸை வெளியே விடச் சொல்லும். கூடவே அனலுக்கும் களைப்புக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன. அவையும் கல்லீரலைத் தூண்டும், இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்தும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இந்த நேரத்தில் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினை விட்டு அடக்கிவிடும். அவரோடு அதே அடுப்பில் வேலை பார்த்த, நோயில்லாத ஆளுக்கு மாலையில் 105 இருந்திருக்கும். உங்கள் அப்பாவின் கணையத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

செலவுப் பக்கமும் அடைபடுகிறது. ரத்தச் சர்க்கரை 180 போலத் தாண்டினால் சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகப் போவது மாதிரி. தண்ணீர் நன்றாக இருக்கும் உடம்பில் இப்படி மணிக்குச் சில கிராம் வெளியேறிவிடும், எண் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நிற்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது, வடிகட்டுவதும் குறைகிறது, கலிங்கு அடைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. கலிங்கு முழுதாக அடைபடும் முன்பு, சிறுநீரில் போகும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வேர்வையில் ஒரு பக்கம், சிறுநீரில் ஒரு பக்கம் என்று தண்ணீர் போக, பற்றாக்குறை கூட, சர்க்கரை ஏற, மறுபடி தண்ணீர் போகும். அதனால் "சிறுநீர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் குடி, வெள்ளையாக இருந்தால் போதும்" என்று எல்லோருக்கும் சொல்லும் அடையாளம் சர்க்கரை ஏறியவருக்குப் பொருந்தாது. உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போதே அவருக்குச் சிறுநீர் வெள்ளையாக, நிறையப் போகும். அதைப் பார்த்து "தண்ணி போதுமான அளவு இருக்குது" என்று ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எடைதான் ஏமாற்றாது. காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. 72 கிலோக்காரருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைவதே அதிகம்.

இப்போது உங்கள் கடைசி எண் ஏன் 221-க்கு வந்தது என்பதும் புரிந்திருக்கும். குடித்த தண்ணீர் ரத்தத்தை நீர்க்கச் செய்ததால் மட்டும் இறங்கவில்லை. ஒன்றேகால் லிட்டர் குடித்தாரென்றால் அது 40 லிட்டரிலும் பரவும், நீர்த்ததால் இறங்குவது மூன்று சதவீதம் போலத்தான். உடம்பு ஆறி, வாசோபிரெசினும் அட்ரினலினும் தணிந்து, கல்லீரல் கையைச் சுருக்கி, சிறுநீரகம் மறுபடி கலிங்கைத் திறந்ததுதான் பெரிய பங்கு. மெதுவாக நடக்கும் வேலை அது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து "தண்ணி குடிச்சும் இறங்கலியே" என்று பதற வேண்டாம். நீங்கள் இரண்டு மணி நேரம் விட்டது சரியான இடைவெளி.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ளாமல். தாகத்துக்கு ஆலையில் கரும்புப்பால் ஒரு டம்ளர் குடித்தாரா? அதில் முப்பது கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். நான் மேலே சொன்ன 19 கிராமைவிட அதிகம். அப்படிக் குடித்திருந்தால் என் கணக்கில் பாதி தேவையே இல்லை.

மாத்திரைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் மஞ்சள் வேகவைக்கும் பருவத்தில், அறுபது தாண்டிய ஒருவரை விடியற்காலை நாலரை மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறியிருந்தது, சர்க்கரை 46. முந்தின நாள் முழுக்க வேகவைக்கும் அடுப்பருகே நின்றிருக்கிறார். மாலையில் 300-க்கு மேல் காட்டியிருக்கிறது. பயந்துபோய்க் கிளிமிபிரைடு ஒன்று சேர்த்துப் போட்டுவிட்டு, களைப்பில் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இரவில் தண்ணீர் குடித்ததும் தூங்கியதுமே எண்ணைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டன. சேர்த்துப் போட்ட மாத்திரை மீதியையும் தள்ளிவிட்டது. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், தண்ணீர் குறைந்து சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் நீளும். குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் அவரை ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. காய்ந்த உடம்பில் பார்த்த எண்ணுக்கு மருந்து கூட்டக் கூடாது. தண்ணீர், ஓய்வு, இரண்டு மணி நேரம், கை கழுவி மறுபடி ஒரு சோதனை. அந்த எண்ணும், மறுநாள் காலை வெறும் வயிற்று எண்ணும்தான் மருந்தைப் பற்றிப் பேச உதவும்.

தண்ணீர் குடிப்பதிலும் முறை இருக்கிறது. மாலையில் ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பதைவிட, வேலை நடக்கும்போதே இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வயது ஏற ஏறத் தாகம் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். கொப்பரைக்காரர் பாகு பதத்தில் இருக்கும்போது நகர முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் குடம் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று டம்ளருக்கு ஒரு முறை உப்புப் போட்ட நீர்மோர். வேர்வையில் போன உப்பு திரும்பாவிட்டால் குடித்த தண்ணீர் உடம்பில் தங்காது. இளநீர் ஒன்று குடித்தால் தப்பில்லை, ஆனால் அதிலும் ஓரளவு சர்க்கரை உண்டு, மூன்று நான்கு என்று போக வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ்., சர்க்கரை நோயாளியும் குடிக்கலாம். ஒரு லிட்டரில் இருப்பது பதின்மூன்றரை கிராம் குளுக்கோஸ்தான், உப்பைக் குடலுக்குள் ஏற்றிவிட அது தேவை. இருதய பலவீனத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், இதில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அப்படிப்பட்டவர் கொப்பரை அருகே நிற்பதே சரியில்லை.

உங்கள் அப்பாவின் சீட்டை எடுத்து இன்னொன்றும் பாருங்கள். மெட்ஃபார்மின் சாதாரண நாளில் பாதுகாப்பான மாத்திரை. ஆனால் வாந்தி பேதியோடு உடம்பு வற்றிப்போகும் நாளில் அதை நிறுத்தி வைப்பது வழக்கம், சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் தேங்கும். பின்னாளில் யாராவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்த்தால் ஆலை வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளுவதுதான் அந்த மாத்திரைகளின் வேலை, கூடவே தண்ணீரும் போகும். தண்ணீரும் சாப்பாடும் இல்லாத நாளில் அவை ரத்தத்தில் அமிலம் சேரச் செய்யலாம். அந்த நேரத்தில் மீட்டர் 200-க்குள்ளேயேகூடக் காட்டிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் ஆபத்து. ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தாலும் இதே பேச்சு உண்டு. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வேலை இருக்கும் பருவத்தில் எதை, எப்போது தள்ளிப் போடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது வீட்டில் பார்த்துக்கொள்வதை விட்டுவிட்டு ஓட வேண்டும்? தண்ணீர் குடித்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகியும் 300-க்குக் கீழே வராவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், மூச்சு ஆழமாக வேகமாக வாங்கினால். ஆள் மந்தமாக, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால் எண்ணையே பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மேலே சொன்ன சுழல் இரண்டு மூன்று நாள் அடங்காமல் சுற்றினால் சர்க்கரை 600-ஐத் தாண்டும், உடம்பில் எட்டு ஒன்பது லிட்டர் வரை தண்ணீர் குறைந்திருக்கும். மீட்டரில் எண்ணுக்குப் பதில் HI என்று வரும். அது நலம் விசாரிப்பு இல்லை, மீட்டரால் படிக்க முடியாத அளவு உயரம் என்று அர்த்தம். அங்கே முதல் மருந்து உப்புநீர் டிரிப், இன்சுலின் அதற்கு அடுத்ததுதான்.

மிகவும் வற்றிப்போனவரின் விரலில் எடுக்கும் சோதனை உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். சிவப்பணுக்கள் நெருங்கி, ரத்தம் கெட்டியானால் ஸ்டிரிப்புக்குள் குளுக்கோஸ் போய்ச் சேர்வது தடைபடுகிறது. விரலுக்கு வரும் ரத்தமும் மந்தமாகிவிடுகிறது. அதனால் ஆள் தள்ளாடும்போது மீட்டர் 210 என்று காட்டினாலும் அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நரம்பிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் ஆலை ஓடும் மூன்று நாள், காலை எடை, மாலை எடை, கை கழுவிய மாலை எண், இரண்டு மணி நேரம் கழித்த எண், மறுநாள் காலை எண் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எடை ஒரு கிலோவுக்கு மேல் குறையாத நாளிலும் மாலையில் 250 நின்றால் அது தண்ணீர்க் குறை இல்லை, மருந்தோ சாப்பாடோ மாற்ற வேண்டிய சர்க்கரை. அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.